“பாப்பாவுக்கு அதைக் குடுத்தியாடி?”: குழந்தை விஷயத்தில் குறை சொல்வதை நிறுத்து என்று தோழியிடம் எந்த வழியில் சொல்வது

ஞாயிற்றுக்கிழமை மதியம். என் மகளுக்கு 5 மாதம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தோழி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வாஷ்பேசினுக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கினாள். வீட்டுக்கு வருகிறவர்களில் சொல்லாமலே கை கழுவுகிறவள் அவள் ஒருத்திதான். மடியில் போட்டு, தொடையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“என்னடி, இப்படி இளைச்சுப் போயிருக்கா? இந்த வயசுல என் பையன் ஏழரை கிலோ. உனக்குப் பால் பத்தலடி. ராகிக் கூழ் ஆரம்பிச்சிரு.”

சமையலறையில் இருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். நான் சிரித்து வைத்தேன். அன்று இரவு 2 மணிக்கு, செல்போன் வெளிச்சத்தில் தடுப்பூசி அட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த அட்டையில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் பிறந்தபோது 2.8 கிலோ. அந்த வாரம் கிளினிக்கில் போட்ட எடை 6.1 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில், 5 மாதப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 6.9 கிலோ. அதற்குக் கீழே இருக்கும் கோடு 6.1. பிறந்தபோது 2.8 கிலோவும் அதே கீழ்க்கோட்டில்தான் விழுகிறது. அதாவது அவள் எந்தக் கோட்டில் பிறந்தாளோ அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஏறி வந்திருக்கிறாள். டாக்டர் பார்ப்பது இதைத்தான். ஒரு நாள் எடை எவ்வளவு என்பதைவிட, மாதா மாதம் புள்ளிகள் ஒரே கோட்டை ஒட்டி வருகின்றனவா, கோட்டை விட்டுச் சரிகின்றனவா என்பது முக்கியம். தோழியின் பையனுக்கு ஏழரை கிலோ என்பதும் சரிதான். ஆண் குழந்தைகளுக்கான வரைபடம் வேறு. அதில் 5 மாதத்துக்கு நடுக்கோடே 7.5. இரண்டு குழந்தைகளும் அவரவர் கோட்டில் நன்றாகத்தான் இருந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் சொன்ன விஷயம் தப்பு என்பது பிரச்சினையாக இருந்திருந்தால் வரைபடத்தைக் காட்டி ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். அவள் சொன்னதிலேயே சரியானவையும் உண்டு. மாமியார் ஆசையாகத் தைத்து வைத்திருந்த கடுகுத் தலையணையை, “ஒரு வயசு வரைக்கும் தலையணையே வேண்டாம்டி, மல்லாக்கப் படுக்க வை” என்று எடுத்துவிடச் சொன்னவள் அவள்தான். சரியோ தப்போ, வாரம் இரண்டு முறை யாராவது என் குழந்தையைப் பார்த்து ஒரு குறை சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. அதுதான் விஷயம்.

அவளை இழக்கவும் எனக்கு மனமில்லை. கல்லூரி விடுதியில் தொடங்கி 11 வருடப் பழக்கம். சிசேரியன் ஆன இரவு, ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தாள். முதல் மாதம் முழுக்கப் பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறும் அவள் வீட்டில் இருந்துதான் டிபன் கேரியரில் வந்தன.

ஆகவே எந்த வழியில் சொன்னாலும் மூன்று விஷயம் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்தப் பேச்சு நிற்க வேண்டும். அவள் வருவது நிற்கக் கூடாது. நான் அவளிடம் பொய் சொல்லும்படி ஆகக் கூடாது. மூன்றாவது ஏன் என்றால், அதற்குள் நான் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டிருந்தேன்.

சும்மா இருந்துவிடுவது என்பதுதான் நம்மில் பெரும்பாலோர் எடுக்கும் வழி. ஒரு காதில் வாங்கி மறு காதில் விடு என்று அம்மாவும் சொன்னார். எப்போதோ வந்து போகிற அத்தைக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் இதுவே போதும். அவர்கள் சொன்னதைச் செய்தோமா என்று அடுத்த வாரம் வந்து கேட்பதில்லை. நெருங்கிய தோழி கேட்பாள். நான் தலையாட்டியதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். புதன்கிழமை போன் செய்து, “கூழ் குடுத்தியாடி?” என்றாள். எனக்கு விளக்கம் சொல்லத் தெம்பில்லை. “ம், குடுத்தேன்” என்றேன். அடுத்த முறை வந்தபோது, “பாப்பா கூழ் நல்லா சாப்பிடறாளா?” என்று மாமியாரிடம் கேட்டாள். மாமியார், “கூழா? இன்னும் தாய்ப்பால்தானே” என்றார். தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நெருக்கமானவர்களிடம் சும்மா இருக்கும் வழி இரண்டு வாரத்தில் பொய்யாகத் திரும்பிவிடுகிறது.

இரண்டாவது, டாக்டர் பெயரைச் சொல்வது. “டாக்டர் 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்னு சொல்லிட்டாருடி.” இது நல்ல கேடயம், சில இடங்களில் இதைவிட நல்லது கிடையாது. 6 மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், மதுரை மாதிரி ஊரின் சித்திரை வெயிலிலும் தாய்ப்பாலில் இருக்கும் தண்ணீரே போதும் என்பதும், ஒரு வயதுக்கு முன் நாக்கில் தேன் தொட்டு வைக்கக் கூடாது என்பதும் பேச்சுவார்த்தைக்கு உரியவை அல்ல. தேனில் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், கைக்குழந்தையின் குடல் அதைத் தடுக்கும் அளவுக்கு முதிர்ந்திருக்காது. இப்படிப்பட்ட விஷயங்களில் நாலு பேர் நடுவில் பேச்சை அங்கேயே நிறுத்த டாக்டர் பெயர் உதவும், யாருக்கும் மனத்தாங்கலும் வராது.

ஆனால் எங்கள் விஷயத்தில் இது ஒரே வாரத்தில் கிழிந்தது. “எங்க டாக்டர் 4 மாசத்துலயே ஆரம்பிக்கச் சொன்னாரே” என்றாள். இப்போது போட்டி இரண்டு டாக்டர்களுக்கு நடுவில் வந்துவிட்டது, நடுவராக நான் உட்கார வேண்டியிருந்தது. இன்னொரு குறை இதைவிடப் பெரியது. குழந்தையை எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருப்பது, தொட்டிலா பாயா, எப்போது வேலைக்குத் திரும்புவது, இதற்கெல்லாம் எந்த டாக்டரும் சீட்டு எழுதித் தருவதில்லை. இவை நானும் கணவரும் முடிவு செய்ய வேண்டியவை. டாக்டருக்குப் பின்னால் ஒளிந்து பழகிவிட்டால், டாக்டர் சொல்லாத விஷயங்களில் எனக்கு முடிவெடுக்கும் உரிமையே இல்லை என்பது போல ஆகிவிடுகிறது.

வேறு யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்வதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. “நான் சொல்லட்டுமா?” என்று கணவர் கேட்டார். விடுதியில் எங்களோடு இருந்த இன்னொருத்தியும் கேட்டாள். அப்படிச் சொன்னால் தோழியின் மனதில் முதலில் நிற்கப்போவது, “என்னைப் பத்தி இவங்க எல்லாரும் உட்கார்ந்து பேசியிருக்காங்க” என்பதுதான். பதினொரு வருடத் தோழிக்கு அதைச் செய்யக் கூடாது. மாமியார், நாத்தனார் மாதிரி உறவுகளில் கணவர் பேசுவதுதான் முறை, அது வேறு கணக்கு.

வாட்ஸ்அப்பில் எழுதுவதா, நேரில் சொல்வதா என்பதில்தான் நான் ஒரு வாரம் அலைந்தேன்.

எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. கைக்குழந்தைக்காரிக்கு நேரில் பேச நேரமும் கிடையாது, நிதானமும் கிடையாது. கண்ணில் நீர் முட்டும், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். எழுதினால் நான்கு முறை திருத்தலாம். அப்படித் திருத்தித் திருத்தி நான் எழுதி வைத்தது இது: “தப்பா எடுத்துக்காத டி. நீ எனக்கு நிறைய பண்ணிருக்க. ஆனா பாப்பா விஷயத்துல அட்வைஸ் பண்றத கொஞ்சம் நிறுத்திக்கோ ப்ளீஸ்.”

அனுப்பாமல் வைத்திருந்து மறுநாள் காலையில், அதை அவள் இடத்தில் இருந்து படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் குத்தியது. “தப்பா எடுத்துக்காத” என்று ஆரம்பித்தாலே, தப்பான ஒன்று வரப்போகிறது என்று எதிராளி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். “நிறைய பண்ணிருக்க” என்பது எதையும் சொல்லாத சொல். அதற்குப் பின்னால் வரும் “ஆனா” அதையும் அழித்துவிடுகிறது. “அட்வைஸ் பண்ணாதே” என்பது நம் பேச்சுவழக்கில் ஏறக்குறைய திட்டு. வேண்டாதவர்களிடமும் பெரிய மனுஷத்தனம் காட்டுகிறவர்களிடமும் சொல்வது. அவள் செய்ததை அவள் அட்வைஸ் என்று நினைக்கவே இல்லை, அக்கறை என்று நினைக்கிறாள். அந்தப் பெயரை நான் வைத்துவிட்டால், மற்றதெல்லாம் அவள் காதில் விழாது.

எழுத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு நீல டிக் விழுந்த பிறகு பதில் வராத அந்த ஒரு மணி நேரம். அவள் அழுகிறாளா, கோபப்படுகிறாளா, வேலையாக இருக்கிறாளா என்று தெரியாது. நேரில் என்றால் முகம் தெரியும், கையைப் பிடிக்கலாம். அது மட்டுமல்ல, வார்த்தை போனில் தங்கிவிடும். ஆறு மாதம் கழித்து வேறு ஒரு மனக்கசப்பில் அவள் அதைத் திரும்ப எடுத்துப் படிப்பாள். வெளிநாட்டில் இருக்கும் தோழி என்றால் எழுதுவதைவிடக் குரல் பதிவு மேல், அதைவிட வீடியோ அழைப்பு மேல். எனக்கு அவள் இருப்பது பத்து நிமிட நடையில்.

நேரில்தான் என்று முடிவானது. எப்போது என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. அவள் குறை சொன்ன அந்த நிமிடத்திலேயே திருப்பிச் சொன்னால் அது சண்டை. மாமியார் காதில் விழுந்தால் அவளுக்கு அவமானம். குழந்தை பசியில் அழும்போது சொன்னால், “பாத்தியா, பசிக்குதுன்னுதான் சொன்னேன்” என்று ஆகிவிடும். ஒரு சனிக்கிழமை மாலை, குழந்தை பால் குடித்துத் தூங்கியிருந்தாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும்போது அவளையும் கூப்பிட்டேன். துணி மடிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, அது பெரிய உதவி.

நான் சொன்னதை நினைவில் இருக்கும்வரை அப்படியே தருகிறேன்.

“சிசேரியன் அன்னைக்கு ராத்திரி நீ வராந்தாவுல துண்டை விரிச்சுப் படுத்திருந்தே. கொசுக்கடில உன் கை முழுக்கத் தடிச்சிருந்துச்சு. அதை நான் எங்கயும் சொன்னதில்ல, மறக்கவும் இல்ல. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி. பாப்பா எடை குறைவா இருக்குன்னு பேச்சு வந்தாலே எனக்கு ராத்திரி தூக்கம் போயிடுது. எந்திரிச்சு எந்திரிச்சு அவ மூச்சைப் பாக்கறேன். எடை, பால், சாப்பாடு, இந்த மூணையும் நானா கேக்கும்போது மட்டும் சொல்லு. நான் கேப்பேன்.”

“நன்றி” என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டேன். நெருங்கியவர்களுக்குள் நாம் நன்றி சொல்வதில்லை. சொன்னால், “என்னடி, புதுசா?” என்று விலகல் தெரியும். அவளுடைய அக்கறையை மதிக்கிறேன் என்று பொதுவாகச் சொல்வதைவிட, துண்டையும் கொசுக்கடியையும் சொன்னால் அவளுக்குப் புரியும். “நீ என்னை டென்ஷன் பண்ற” என்றும் சொல்லவில்லை. தமிழில் “எனக்குத் தூக்கம் போகுது”, “எனக்குப் பதறுது” என்று ஆளைக் குற்றம் சாட்டாமல் சொல்ல வழி இருக்கிறது. அந்த “எனக்கு” வாக்கியத்திலேயே நின்றுகொள்ள வேண்டும். கடைசியாக, எல்லாவற்றையும் நிறுத்து என்று கேட்கவில்லை. மூன்று விஷயம் மட்டும். கடுகுத் தலையணை மாதிரி ஒன்று அவள் கண்ணில் பட்டால், அதை அவள் சொல்லத்தான் வேண்டும்.

அவள் கையில் இருந்த சின்னச் சட்டையை மடித்து வைத்தாள். பிறகு, “நான் என்னடி உனக்குக் கெட்டதா சொல்லப்போறேன்?” என்றாள்.

இந்தக் கேள்வி கிட்டத்தட்ட எல்லோரிடமும் வரும், எதிர்பார்த்துக்கொண்டே போக வேண்டும். இங்கேதான் பலர் பின்வாங்குகிறோம். “ஐயோ, அப்படி இல்லடி, நீ சொல்லு, பரவால்ல” என்று சொல்லிவிட்டால், கேட்டதே இல்லை என்று ஆகிவிடும், காயம் மட்டும் மிஞ்சும். எனக்கும் அது நாக்கு நுனி வரை வந்தது. “கெட்டது இல்லடி. வேற யாராவது சொன்னா எனக்கு இப்படி வலிக்காது. நீ சொல்றதுனாலதான்” என்றேன். அதற்கு மேல் விளக்காமல் வாயை மூடிக்கொண்டேன். அந்த அமைதி மிகவும் நீளமாக இருந்தது.

அவள் பேசத் தொடங்கியது வேறு எதையோ. அவள் பையன் பிறந்த பத்தாம் நாள். பால் சரியாக ஊறவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை, குழந்தை சமர்த்தாகத் தூங்குகிறது என்று நினைத்திருக்கிறாள். ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு துணிதான் நனைந்தது. உடம்பில் நீர் வற்றி, பச்சிளம் குழந்தைகள் பிரிவில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். “அப்போ ஒருத்தரும் எனக்குச் சொல்லலடி. அம்மா, அத்தை, யாருமே. பாத்துட்டு இருந்திருக்காங்க. அதான் உன் விஷயத்துல நான் சும்மா இருக்க மாட்டேன்னு நினைச்சுக்கிட்டேன்.”

பதினொரு வருடத்தில் இது எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் வேலை நிமித்தம் வேறு ஊரில் இருந்தேன், “குழந்தைக்கு உடம்பு சரியில்லை, இப்போ நல்லா இருக்கான்” என்று மட்டும் போனில் சொல்லியிருந்தாள். மற்ற எந்த வழியில் போயிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது. நேரில் சொல்வதை நான் மேல் என்று சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். அவள் தொடையை அழுத்திப் பார்த்தபோது அவள் கண்ணில் இருந்தது என் குழந்தை இல்லை.

அதற்காக நான் கேட்டதைத் திரும்பப் பெறவில்லை. அவள் பயத்துக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது. “ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை நல்லா நனைக்கறா. எடை மாசா மாசம் ஏறுது. அது நின்னுச்சுன்னா முதல் போன் உனக்குத்தான்.” 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் போதுகிறதா என்று வீட்டில் பார்க்க, மார்பு கனக்கிறதா இல்லையா என்பதைவிட நம்பகமான அடையாளங்கள் இந்த இரண்டும்தான். அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் உண்மையாகாது. மூன்றாம் நாளே, உறவினர் வீட்டுக் காதுகுத்தில், “இவளுக்கு இன்னும் கூழே…” என்று யாரிடமோ ஆரம்பித்தாள். பாதியில் என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் நகர்ந்து, “நான் கேக்கறேன்டி அப்புறம்” என்று மெதுவாகச் சொன்னேன். நிறுத்திக்கொண்டாள். பல வருடப் பழக்கம் ஒரு பேச்சில் போகாது. இரண்டு மூன்று முறை இப்படி நினைவூட்ட வேண்டியிருக்கும் என்று முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை தவறியதும், “சொல்லியும் கேக்கல பாரு” என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்தச் சொன்னதும் நிறுத்துகிறாளா என்பதைப் பாருங்கள். நிறுத்துகிறாள் என்றால் வழி வேலை செய்கிறது. நினைவூட்டிய பிறகும் பேச்சைத் தொடர்ந்தாலோ, உங்கள் முதுகுக்குப் பின்னால் மாமியாரிடம் போய்ச் சொன்னாலோ, வேலை செய்யவில்லை. அப்போது சந்திப்பை உங்கள் வீட்டில் இருந்து வெளியே மாற்றிப் பார்க்கலாம். பூங்காவில் நடந்துகொண்டே பேசும்போது குழந்தையின் தொடை கைக்கு எட்டாது.

வாயால் சொல்வதும் கையால் செய்வதும் ஒன்றில்லை. கேட்காமல் உரைமருந்து கொடுப்பது, தேன் தொட்டு வைப்பது என்று யாராவது இறங்கினால், மேலே சொன்ன நேரம், இடம், சொல் எதுவும் பார்க்க வேண்டாம். அந்த நொடியே, நாலு பேர் இருந்தாலும், “வேண்டாம், குடுக்காதே” என்று குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். மனத்தாங்கலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். என் தோழி அப்படி ஒருநாளும் செய்ததில்லை, அதனால்தான் எனக்கு மொட்டை மாடி வரை காத்திருக்க முடிந்தது.

6 மாதம் முடிந்த வாரம் நான் போன் செய்தேன். “ராகிப் பால் எப்படிடி எடுக்கறது? நான் அரைச்சா திப்பி திப்பியா வருது.” சமாதானத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே எனக்கு வரவில்லை. கேட்பேன் என்று சொன்னதைக் கேட்டாகவும் வேண்டும். பத்து நிமிடத்தில், துவைத்த வெள்ளை வேட்டித் துண்டோடு வந்தாள். ஊறிய ராகியைத் தண்ணீர் விட்டு அரைத்து, துணியை நான்காக மடித்துப் பிழிந்தாள். திப்பியை மறுபடி தண்ணீர் ஊற்றி அரைத்து, இரண்டாம் பாலும் எடுத்தாள். “அடுப்பைச் சின்னதா வை. கை எடுக்காம கிண்டு, கண்ணாடி மாதிரி மினுக்கும் பாரு, அப்போ இறக்கு.”

நான் கிண்டிக்கொண்டிருந்தபோது அவள் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். மடியில் போட்டதும் கை தொடைப்பக்கம் போனது. அப்படியே கீழே இறங்கிப் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து எடை போட்டேன்டி” என்றேன். “ஆறரை.”